நன்றியுரையில் 31 பெயர் வாசித்தவனின் பதில்

*கேள்வி: சமூக மன்றப் பொங்கல் விழாவில் நன்றியுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லார் பெயரையும் சொல்லாமல், யார் மனமும் நோகாமல் சுருக்கமாகப் பேச முடியுமா?*

இந்நேரம் உங்கள் கையில் ஒரு பட்டியலையும் கொடுத்திருப்பார்கள். அதை மேடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வட்டாரப் பொங்கலில் நான் 31 பெயர் வாசித்தேன். பத்தாவது பெயரோடு கைதட்டல் ஓய்ந்தது. இருபதாவதில் பின்வரிசை சாப்பாட்டு மேசைக்கு நகர்ந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. காலையிலேயே வந்து நாற்காலி போட்ட ஓர் அக்காவின் பெயர் விட்டுப்போனது. யார் பெயரையும் சொல்லாவிட்டால் அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். 31 பேரைச் சொல்லி ஒருவரை விட்டால் அது மறதி ஆகாது, ஒதுக்கியதாகிவிடும். மின்தூக்கியில் பார்த்தால்கூட இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை.

(மரியாதை தெரியாதவன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். "மேடையில் வீற்றிருக்கும்" என்று வரவேற்புரையிலேயே எல்லாரையும் விளித்தாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதமாக வரும்போது பறிபோகாத மரியாதை, நான் பெயர் சொல்லாததால்தான் போகிறதாம்!)

அடுத்த வருடமும் என்னையே நிறுத்தினார்கள். இம்முறை சிறப்பு விருந்தினர் பெயர் மட்டும், மற்றவர்களுக்கு அவரவர் செய்த வேலை என்று முடிவு செய்து, செயலாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பேசியது இவ்வளவுதான்:

"அனைவருக்கும் வணக்கம். வந்து வாழ்த்திய சிறப்பு விருந்தினருக்கு (இங்கே அவர் பெயர்) எங்கள் நன்றி. நேற்றிரவு பதினொரு மணிவரை இங்கே கரும்பு கட்டிய ஏற்பாட்டுக் குழுவினரும் தொண்டூழியர்களும் கொஞ்சம் கையை உயர்த்துங்கள். இவர்களுக்குப் பலமாக ஒரு கைதட்டல். இந்த மழையிலும் பிள்ளைகளோடு வந்து கடைசிவரை இருந்த உங்களுக்கும் நன்றி. சாப்பாடு தயார், வாருங்கள்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கரும்பு கட்டியதைச் சொன்னதும் கூட்டமே திரும்பிப் பார்த்தது. 'அயராது உழைத்த' என்று சொல்லியிருந்தால் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆகவே கண்ணால் பார்த்த ஒரு வேலையைச் சொல்லுங்கள், போதும். கையை உயர்த்தச் சொன்னதும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றவர்கூட உயர்த்தினார். அக்காவும்தான். கைகள் தெரியும்வரை இரண்டு மூச்சு பொறுங்கள். அவசரப்பட்டால் அந்த இடமே வீணாகிவிடும்.

முழுப் பட்டியல் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், எல்லாரும் சாப்பிடும்போது திரையில் ஓடவிடுங்கள். விட்டுப்போன பெயரை அங்கே உடனே சேர்த்துவிடலாம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. மேடையில் பெயர் சொல்வதாக ஆதரவாளர் யாருக்காவது குழு வாக்குக் கொடுத்திருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். யார் யாருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று முதல் நாளே செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்.