சுண்டெலி முதல் பசு வரை: சாய்வு 13 ஏன் வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விலங்குகளின் ஆற்றல் செலவை ஆராய்ந்த மாக்ஸ் க்ளைபரின் பட்டியலிலிருந்து சுண்டெலி, எலி, நாய், ஆடு, பசு ஆகியவற்றின் எடையையும், ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவாகும் கிலோகலோரியையும் எக்செலில் போட்டு, இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவுக்கு மாற்றினேன். புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கின்றன. ஆனால் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் வைத்துச் சாய்வு கண்டால் 13 வருகிறது, புத்தகத்தில் 0.75 என்று இருக்கிறது. எக்செலின் போக்குக்கோடும் வளைந்து போகிறது. பிசகு எங்கே? 0.75 என்றால் பெரிய விலங்கு 75 சதவீதம்தான் செலவழிக்கிறது என்று பொருளா?

கவிதா

அன்புள்ள கவிதா,

அச்சை மடக்கைக்கு மாற்றினால் புள்ளிகள் வரையப்படும் இடம்தான் மாறும். அச்சில் எழுதியிருக்கும் எண்கள் பழைய எடையும் பழைய கலோரியுமே. நீங்கள் அந்த எண்களை நேராகக் கழித்து வகுத்திருக்கிறீர்கள்: (7877 − 3.6) ÷ (600 − 0.021) = 13.1. இதில் சுண்டெலிக்குப் பங்கே இல்லை. அதை விட்டுவிட்டு 7877-ஐ 600-ஆல் வகுத்தாலும் அதே 13.1தான் வரும். அதாவது உங்களுக்குக் கிடைத்தது பசு ஒரு கிலோவுக்குச் செலவழிக்கும் கலோரி.

முதலில் மடக்கை எடுங்கள், பிறகு கழியுங்கள். சுண்டெலிக்கு log 0.021 = −1.678, log 3.6 = 0.556. பசுவுக்கு log 600 = 2.778, log 7877 = 3.896. மேல்நோக்கிய ஏற்றம் 3.340, கிடை நகர்வு 4.456. வகுத்தால் 0.75. இவ்வளவு கச்சிதமாக வந்தது இந்த இரண்டு விலங்குகளைத் தேர்ந்ததன் அதிர்ஷ்டமும்தான். வேறு பசுவை எடுத்திருந்தால் கொஞ்சம் தள்ளி வந்திருக்கும்.

போக்குக்கோடு வளைந்ததற்கும் இதே காரணம். எக்செலில் Linear என்று தேர்ந்தால் அது y = mx + c என்பதைப் பழைய எண்களில் பொருத்திவிட்டு மடக்கைத் தாளில் வரைகிறது. அந்தத் தாளில் அது நேராக வராது. எலிப் பக்கம் கிடையாகப் படுத்துவிடும். Power என்று மாற்றுங்கள். அல்லது எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து நீங்களே கணக்கிடலாம் (A நெடுவரிசையில் எடை, B-யில் கலோரி, பழைய எக்செலில் Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும்):

```
=SLOPE(LOG10(B2:B6),LOG10(A2:A6))
```

அச்சடித்த வரைபடத்தில் அளவுகோல் வைத்துச் சாய்வு எடுப்பவர்கள், 1-லிருந்து 10 வரையுள்ள தூரம் இரு அச்சிலும் ஒன்றா என்று முதலில் அளக்க வேண்டும். கிடையில் 20 மி.மீ., செங்குத்தில் 30 மி.மீ. என்றால், ஏற்றத்தை 30-ஆலும் நகர்வை 20-ஆலும் வகுத்த பிறகே ஒன்றை மற்றொன்றால் வகுக்கலாம். கோணமானி வைத்து அளந்தால் படத்தை இழுத்து நீட்டுந்தோறும் விடை மாறும்.

இனி 0.75-இன் பொருள். அது சதவீதம் அல்ல, அடுக்கு. எடை 10 மடங்கானால் செலவு 10^0.75, அதாவது 5.6 மடங்காகும். எடை 16 மடங்கானால் செலவு 8 மடங்கு. எடையை மும்மடியாக்கி இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் சாதாரணக் கால்குலேட்டரிலேயே இது வந்துவிடும். ஒரு கிலோவுக்கான செலவு எடை கூடக் குறைகிறது: சுண்டெலிக்கு 171 கிலோகலோரி, பசுவுக்கு 13. அதை வரைந்தால் சாய்வு 0.75 − 1 = −0.25. கிலோவைக் கிராமாக மாற்றினால் கோடு முழுவதும் பக்கவாட்டில் நகருமே தவிர, சாய்வு மாறாது. மாறுவது கோட்டின் உயரம்: 1 கிலோ விலங்குக்குச் சுமார் 70 கிலோகலோரி என்று க்ளைபர் கொண்டது கிலோ கணக்கில்தான் பொருந்தும்.

உங்கள் பட்டியலிலேயே ஒரு பொறி இருக்கிறது. 24.8 கிலோ நாய் 875 கிலோகலோரி, 36 கிலோ ஆடு 800. இந்த இரண்டை மட்டும் எடுத்தால் சாய்வு −0.24. எடை கூடச் செலவு குறைவதுபோல் தெரியும்! ஒவ்வொரு விலங்கும் கோட்டிலிருந்து பத்து, இருபது சதவீதம் விலகி நிற்பது சாதாரணம். எடை வீச்சு குறுகியதாக இருந்தால் அந்த விலகலே சாய்வைத் தீர்மானித்துவிடும்.

உடல் மேற்பரப்பை வைத்து அடுக்கு 2/3 என்று சொன்ன உடலியலாளர் ரூப்னருக்கும், 1932-இல் 3/4 பக்கம் சாய்ந்த க்ளைபருக்கும் இடையிலான வழக்கு இழுபடுவதும் ஓரளவு இதனால்தான். 10 மடங்கு எடைக்கு ஒருவர் கணக்கில் 4.6 மடங்கு, மற்றவர் கணக்கில் 5.6 மடங்கு, அந்த வித்தியாசம் விலகலுக்குள்ளேயே மறைந்துபோகும். சுண்டெலி முதல் பசு வரை போனால் 2/3 சொல்வது சுமார் 935 மடங்கு, 3/4 சொல்வது 2,200 மடங்கு, அளந்தது 2,190.

ஆனாலும் வழக்கு அத்துடன் முடியவில்லை. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நொதித்தல் எளிதில் அடங்குவதில்லை; எனவே ‘உண்ணா நிலை ஓய்வு’ என்ற அளவீட்டு நிபந்தனை பசுவுக்குச் சரியாகப் பொருந்தாது. கோட்டின் மேல்முனையில் அது நிற்பதால் சாய்வையும் தூக்கிவிடும். 2003-இல் ஆய்வாளர்கள் ஒயிட்டும் சீமோரும் இப்படிப்பட்ட விலங்குகளை நீக்கி, உடல் வெப்பநிலைக்கும் திருத்தம் செய்து பார்த்தபோது பாலூட்டிகளுக்குக் கிடைத்தது 2/3-ஐ ஒட்டிய எண்.