வீடியோவுக்கு ND இசை ஒத்துவராது

"மகளின் பள்ளி புராஜெக்ட் வீடியோவில் CC BY-ND 4.0 என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டிருந்த புல்லாங்குழல் இசையை 20 விநாடி சேர்த்திருக்கிறோம். பள்ளி அதை யூடியூபில் ஏற்றப் போகிறது. கலைஞர் பெயரைப் போட்டால் போதும்தானே?"

போதாதுங்க. BY கேட்பதுதான் பெயர். சிக்கல் ND-யில் இருக்கிறது: மாற்றியமைத்ததைப் பகிரக்கூடாது என்று பொருள். இசையை வெட்டாமல் முழுதாகப் போட்டாலும் தப்பிக்க முடியாது. நகரும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்த்தாலே அது மாற்றியமைத்த படைப்புதான் என்று உரிமத்தின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பலர் கோட்டைவிடும் இடம் இது. நானும் ஒருமுறை விட்டேன். வீட்டுக் கணினியில் செய்து பார்க்கத் தடையில்லை, யூடியூபில் ஏற்றுவதுதான் தவறு.

அதனால் CC BY 4.0 அல்லது எந்த நிபந்தனையும் இல்லாத CC0 இசையாகத் தேடி மாற்றிவிடுங்கள். BY-SA என்றால் வீடியோவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். CC BY எடுத்தால் வீடியோ விளக்கத்தில் கலைஞர் பெயர், இசையின் தலைப்பு, பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும் வேண்டும். அப்புறம் "20 விநாடி வெட்டியது" என்ற குறிப்பும்.

அந்தப் புல்லாங்குழல்தான் வேண்டுமென்று மகள் அடம்பிடித்தால், கலைஞருக்கே எழுதி அனுமதி கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள். பதில் வரும்வரை ஏற்ற வேண்டாம்.