கத்தரி இலையைத் தின்னும் பூச்சி: படத்தோடு எதை எழுதி அனுப்புவது?

கேள்வி: "என்ர கத்தரித் தோட்டத்தில இலையை ஏதோ பூச்சி தின்னுது. பேர் தெரியேல்ல. விவசாயப் போதனாசிரியருக்குப் படமெடுத்து அனுப்பினன். படம் தெளிவில்லை, இன்னும் விபரம் தாங்கோ எண்டு பதில் வந்தது. கடிதத்தில என்ன எழுதிறது, படம் எப்பிடி எடுக்கிறது?"

பதில்:

முதலில் ஒன்று. விவசாய அலுவலர்களுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பதிலே போடாத ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு வந்தது நியாயமான பதில். வருகிற படங்களில் பாதி, பச்சை இலையில் ஒரு செம்மஞ்சள் புள்ளி. அதை வைத்துக்கொண்டு எவராலும் பெயர் சொல்ல முடியாது.

நீங்கள் பூச்சி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் கத்தரி இலை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எபிலக்னா வண்டு. சிக்கல் என்னவென்றால், அதற்கு அச்சொட்டாக ஒரு நல்ல பிள்ளையும் அதே தோட்டத்தில் இருக்கும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு. இரண்டும் உருண்டை, இரண்டிலும் கறுப்புப் புள்ளி. எபிலக்னாவின் முதுகில் மெல்லிய மயிர் படர்ந்திருப்பதால் அது மினுங்காது, மங்கிய செப்பு நிறமாக இருக்கும். பொறிவண்டு எண்ணெய் பூசியது மாதிரி மினுங்கும். அதனால்தான் உச்சி வெயிலிலோ ஃபிளாஷ் வெளிச்சத்திலோ எடுத்த படம் பிரயோசனமில்லை. அந்த வெளிச்சத்தில் மங்கலான வண்டும் மினுங்கும். பார்க்கிறவர் நல்ல வண்டென்று நினைத்து விட்டுவிடுவார், அல்லது மறுவளமாக நல்லதைக் கொல்லச் சொல்லிவிடுவார்.

ஆகவே காலை ஏழு மணிக்கு முன்பின்னாக எடுங்கள். அந்நேரம் வண்டு சோம்பிக் கிடக்கும், ஓடாது. வெயில் விழுந்தால் குடையைப் பிடித்து நிழலாக்குங்கள். போனை மிகவும் கிட்டக் கொண்டுபோனால் குவியம் பிடிக்காது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து எடுத்துவிட்டு, பிறகு படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம். அளவு தெரிய, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தை வையுங்கள். காசுக் குற்றி வேண்டாம், அது மினுங்கி மற்றதை இருட்டாக்கும். எபிலக்னா 6 முதல் 8 மில்லிமீற்றர் வரை இருக்கும்.

ஐந்து படம் போதும். தோட்டம் முழுவதும் தெரிய ஒன்று, ஒரு கன்று முழுதாக ஒன்று, இலையின் மேற்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம், பூச்சி கிட்டவாக. அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். புழு இருப்பது அங்கேதான்: மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். அது இலையை ஓட்டை போடாது, சுரண்டும். நரம்பை விட்டு இடையிலுள்ள பச்சையை வரிவரியாக வழித்தெடுக்கும். மற்றப் பக்கத் தோல் கண்ணாடி மாதிரி மிஞ்சி, பிறகு காய்ந்து மண்ணிறமாகும். இந்த வரி படத்தில் விழுந்தால் பூச்சிப் படம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. ஓரத்திலிருந்து வட்டமாகக் கடித்திருந்தாலோ நடுவில் பெரிய ஓட்டை என்றாலோ ஆள் வேறு. அப்படியென்றால் இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோச் லைற்றோடு போய்ப் பாருங்கள். பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருந்து இரவில் தின்னும் புழுக்கள் உண்டு. பகலில் இலையில் இருந்த பாவத்துக்கு வேறொரு பூச்சி படத்தில் மாட்டுப்படும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், மயிரும் வரியும் போய்விடும். `Document` என்பதைத் தெரிவு செய்து அனுப்புங்கள்.

இனிப் படத்தை விடப் பெறுமதியான ஒரு வேலை. பூச்சி இலையில் இருந்தது என்பது அது இலையைத் தின்றதற்குச் சாட்சியில்லை. வெளிப்பான ஜாம் போத்தலில் சேதமில்லாத கத்தரி இலையொன்றை, காம்பில் ஈரப் பஞ்சு சுற்றி வையுங்கள். அதற்குள் நாலைந்து வண்டுகளை விட்டு வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்துவிடுங்கள். மூடி போட்டால் உள்ளே வேர்த்து இலை அழுகும். அடுத்த நாள் இலையில் சுரண்டிய வரியும் கறுப்பு எச்சமும் இருந்தால் ஆள் அதுதான். ஒன்றுமே இல்லையென்றால் நீங்கள் பிடித்தது பெரும்பாலும் பொறிவண்டு. திரும்பத் தோட்டத்தில் விடுங்கள். அந்த இலையையும் படமெடுத்துக் கடிதத்தோடு சேருங்கள்.

கடிதம் நீளத் தேவையில்லை. "தங்களின் மேலான கவனத்திற்கு" என்று அரைப் பக்கம் போகவும் தேவையில்லை. உதாரணத்துக்கு:

> கத்தரி, இனம் தின்னவேலி பேர்ப்பிள், 4 பரப்பு (கால் ஏக்கர்). நட்டது 10.02. இலைச் சேதத்தை முதலில் கண்டது 22.03, கிழக்கு வேலியோரம். 28.03 காலை தோட்டத்தின் குறுக்கே நடந்து 20 கன்று பார்த்தேன்: 9 கன்றில் சேதம், வண்டு 14, புழு 31. அடி இலைகளிலேயே கூட. குருத்திலும் காயிலும் துளை இல்லை. 24.03 இல் மருந்து ஒருமுறை அடித்தேன், 16 லீற்றர் தாங்கிக்கு 20 மில்லிலீற்றர், லேபல் படம் இணைத்துள்ளேன். பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி. வேலியில் ஊமத்தை உண்டு. போத்தலில் விட்ட வண்டு ஓரிரவில் இலையைச் சுரண்டியது. இது என்ன பூச்சி, இந்த அளவுக்கு மருந்து தேவையா என்று அறியத் தரவும்.

கீழே பெயர், கிராம சேவையாளர் பிரிவு, கமநல சேவை நிலையம், தொலைபேசி இலக்கம்.

இதில் ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்குத்தான். பரப்போடு ஏக்கரையும் எழுதுவது, கடிதம் கன்னொறுவை விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால் அங்கே பரப்புக் கணக்கு தெரியாது என்பதால். குறுக்கே நடந்து எண்ணச் சொல்வது, வேலியோரம் மட்டும் பார்த்தால் தோட்டமே போய்விட்டது போல இருக்கும் என்பதால். "நிறையப் பூச்சி" என்ற சொல்லை வைத்து ஒருவரும் முடிவெடுக்க முடியாது, 20 இல் 9 என்றால் முடியும். ஊமத்தையும் மணத்தக்காளியும் இந்த வண்டு தங்குமிடம். மருந்தை "இரண்டு மூடி" என்று எழுதாதீர்கள், மூடிக்கு மூடி அளவு வித்தியாசம்.

மருந்தென்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூச்சியைக் காணாமலே ஒரு போத்தலும் இரண்டு பவுடரும் கலந்தடி என்று கொடுக்கிற கடைகள்தான் இன்று எங்கள் பயிர் வைத்தியர். எல்லாக் கடையையும் சொல்லவில்லை. கழிவு வெட்டுகிற சந்தைக்குக் காய் கொண்டுபோகிற விவசாயி, அதற்கும் காசு கட்ட வேண்டியிருக்கிறது.

மாதிரி கேட்டால் வண்டை ஒரு இரவு ஃபிரீசரில் வைத்துப் பஞ்சோடு தீப்பெட்டியில் கொடுக்கலாம். புழுவை நேரே ஸ்பிரிட்டில் போட்டால் கறுத்துவிடும். கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, பிறகு ஸ்பிரிட்டில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈர இலையோடு கட்டிக் கொண்டுபோனால் போய்ச் சேருவது அழுகல்தான்.

பதில் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. காலையில் வண்டைச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டி விழுத்துங்கள். முட்டையும் புழுவும் உள்ள அடி இலைகளைக் கிள்ளி எடுங்கள். அப்படிக் கிள்ளும்போது அசையாமல் மண்ணிறமாகத் தடித்துப்போன புழுக்கள் தென்பட்டால் அவற்றை விட்டுவிடுங்கள். உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம். அவை அதிகமென்றால் அதையும் எண்ணி, படமெடுத்து, கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். மருந்தடிக்கச் சொல்வதா, பொறுக்கச் சொல்வதா என்பதை அந்த ஒரு வரியே மாற்றிவிடும்.