பழைய வெள்ளி ரூபாயும் ஸ்டாம்பும்: தரம் பார்த்து விலை சொல்வது

கேள்வி: ஏற்காட்டில் தாத்தா வீட்டுத் தகரப் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட வெள்ளி ரூபாய்களும் கொஞ்சம் பழைய ஸ்டாம்புகளும் கிடைத்தன. சேகரிப்பவர்களிடம் விற்க நினைக்கிறோம். நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, என்ன விலை சொல்வது?

முதலில் ஒன்று: காசு கறுத்திருக்கிறதே என்று புளி, விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தண்ணீரில்கூடக் கழுவ வேண்டாம். ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். உங்கள் பெட்டியின் மதிப்பில் பாதி அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடி விலையை நீங்களே கணக்குப் போடலாம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. ஒரு காசில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது என்று கணக்கு. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காசை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை, அதாவது உருக்கு விலையே 1,070 ரூபாய் ஆகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு வெள்ளி எடுப்பவர்கள் பழைய ரூபாயை இந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள், அதிலும் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்தில் 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். அதனால் ஜார்ஜ் என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடாமல் வருடம் பார்த்துப் பிரியுங்கள்.

இந்த உருக்கு விலைக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் தரம் முடிவு செய்கிறது. தேய்மானம் எப்போதும் காசின் மேடான இடத்தில்தான் தொடங்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அந்த மேடுகள் புருவம், மீசை, காது, கிரீடத்தின் பட்டை, மார்பில் தொங்கும் சங்கிலியும் அதை ஒட்டிய யானையும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு அந்த இடங்களை மட்டும் பாருங்கள். யானை வெறும் கோட்டு வடிவமாகி, சங்கிலி வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் அது ‘ஃபைன்’. யானையின் உடல் தெரிந்து, கிரீடத்துக் கற்களில் பாதியாவது பிரிந்து தெரிந்தால் ‘வெரி ஃபைன்’. புருவத்திலும் காதிலும் மட்டும் லேசாக மழுங்கி, எழுத்துகளுக்கு நடுவே பழைய மினுமினுப்பு ஒளிந்திருந்தால் ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’. தேய்மானமே இல்லாததுதான் ‘அன்சர்க்குலேட்டட்’, பேச்சில் யு.என்.சி. யு.என்.சி.யில்கூட மூட்டைக்குள் காசோடு காசு மோதிய சின்னச் சின்ன வடு இருக்கலாம், அதைத் தேய்மானம் என்று எடுக்க மாட்டார்கள்.

சில காசுகள் அச்சடிக்கும்போதே அழுத்தம் குறைந்து, மேடுகள் மழுங்கி வந்திருக்கும். தேய்ந்ததா, அப்படியே பிறந்ததா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு பல்பின் கீழ் காசைச் சாய்த்து மெல்லச் சுற்றுங்கள். புழங்காத காசில் ஒளி சக்கரத்தின் ஆரம் போல மையத்திலிருந்து விரிந்து சுழன்று ஓடும். மழுங்கிய இடத்தின் மேலும் அந்த ஒளி தடையில்லாமல் ஓடினால் அது அச்சுக் குறை. அந்த இடத்தில் ஒளி நின்றுபோய்ச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தேய்மானம்.

இதே சோதனையில்தான் தேய்த்துக் கழுவிய காசும் மாட்டிக்கொள்ளும். அந்த ஒளி ஓடுவது, அச்சடிக்கும்போது உலோகம் வழிந்ததால் உண்டான மிக நுண்ணிய வரிகளால். விபூதி அந்த வரிகளை அரைத்துத் தள்ளிவிட்டு, தன் கீறல்களை விட்டுவிடும். காசு வெள்ளையாக மின்னும், ஆனால் ஒளி ஓடாது. ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் மட்டும் தெரியும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை.

எங்கள் சித்தப்பா வீட்டில் மூன்று காசுகள் கிடைத்தன. இரண்டு 1918 ஜார்ஜ், ஒன்று 1885 விக்டோரியா. ஜார்ஜ் ஒன்று கறுத்துக் கிடந்தது, யானை தெளிவு, கிரீடம் ஓரளவு, வெரி ஃபைன். இன்னொன்றில் புருவம் வரை கூர்மை, எக்ஸ்ட்ரா ஃபைன் என்றே சொல்லலாம், ஆனால் வருடாவருடம் பூஜைக்கு முன்னால் சித்தி அதைத் தேய்த்து வைத்திருந்தார். வாங்க வந்த சேகரிப்பாளர் கறுத்த காசுக்கு உருக்கு விலைக்கு மேல் கொடுத்தார். கூர்மையான காசுக்கு உருக்கு விலையோடு நின்றுவிட்டார். 1918 ஏராளமாகக் கிடைக்கிற வருடம். பழுதில்லாத இன்னொன்று எளிதாகக் கிடைக்கும்போது கழுவியதை அவர் ஏன் வாங்க வேண்டும்? விக்டோரியாவின் மேல் விளிம்பில் மாலையில் கோத்த பற்றவைப்புத் தழும்பு இருந்தது, போதாக்குறைக்கு அந்தக் காலத்து வட்டிக்கடைக்காரர் குத்திப் பார்த்த முத்திரையும். அதுவும் வெள்ளி விலைக்கே போனது. தேய்மானம் தரத்தைக் குறைக்கும், பழுது சேகரிப்பாளரையே விலக்கிவிடும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

அரிதான வருடம் வந்தால் கணக்கு மாறும். 1911 ரூபாய் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதில் யானையின் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டார்கள். தேய்ந்திருந்தாலும் அதற்கு வாங்க ஆள் உண்டு. அதனாலேயே போலியும் உண்டு. எடை 11.66 கிராமிலிருந்து நன்றாக விலகினாலோ, விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிந்தாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ சந்தேகப்படுங்கள்.

விலை சொல்லும் முன், அதே வருடம், அதே தரத்தில் உள்ள காசு ஏலத்தில் என்ன விலைக்கு விற்றது என்று தேடுங்கள். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையைப் படத்தோடு வெளியிடுகின்றன. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை மட்டுமே. இரண்டு தரத்துக்கு நடுவே தடுமாறினால் குறைந்த தரத்தையே எழுதுங்கள், வாங்குபவர் எப்படியும் அதைத்தான் சொல்வார். வியாபாரி அதை மறுபடி விற்க வேண்டியவர், ஆகவே ஏல விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார். அது ஏமாற்று இல்லை.

ஸ்டாம்புக்கு வருவோம். ஏற்காட்டுப் பனிமூட்டம் ஸ்டாம்புக்கு எதிரி. ஈரத்தில் பின்பக்கப் பசை பழுத்து, காகிதத்தில் துருப்பிடித்தது மாதிரி பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கும், அதுதான் முதலில் விலையைக் குறைக்கும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்த இடம் மெலிந்து வெளிச்சமாகத் தெரியும். ஓரத்துப் பற்கள் எல்லாம் இருக்க வேண்டும், படம் நடுவில் இருக்க வேண்டும். பயன்படுத்தாத ஸ்டாம்பில் பசை தொடப்படாமல் இருப்பதற்குத்தான் காசு. 1948 காந்தி 10 ரூபாய் ஸ்டாம்பில் ஆல்பத்தில் ஒட்டிய தடம் இருக்கிறதா இல்லையா என்பதே விலையை வெகுவாக மாற்றும். அதனால் பசையைப் புதிதாகத் தடவி விற்பவர்களும் உண்டு. பல் நுனிகளில் பசை ஏறி விறைப்பாக இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு எஸ்டேட்டிலிருந்து வந்த கடிதங்கள் இருந்தால் ஸ்டாம்பை வெட்டி எடுக்காதீர்கள். மலிவான ஸ்டாம்புகூட, ஏற்காடு முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்த முழு உறையாக இருக்கும்போது அஞ்சல் வரலாறு சேகரிப்பவர்களுக்கு வேண்டியதாகிறது.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் சட்டப்படி தொல்பொருள், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். அப்படி எந்தக் கமிஷனும் தான் வாங்குவதில்லை என்று 2021-ல் அந்த வங்கியே அறிவித்திருக்கிறது.