சேல்ஸ் பயிற்சி வேலை செய்ததா?

"ஏ.சி. பிரிவு சேல்ஸ்மேன்களுக்கு மார்ச்சில் பயிற்சி கொடுத்தோம். ஃபீட்பேக்கில் எல்லாரும் 5-க்கு 5. மே மாத வியாபாரமும் ஏறியிருக்கிறது. பலன் கிடைத்தது என்று முதலாளியிடம் சொல்லலாமா?"

இப்போதே சொல்லிவிடாதீர்கள். அந்த 5 மார்க்கில் மதியம் வந்த ஆம்பூர் பிரியாணிக்கும் பங்கு உண்டு. பயிற்சியின் பலனை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-ல் எழுதிய நான்கு நிலைகளில் இது முதலாவது: பயிற்சி பிடித்திருந்ததா? மற்றவை: கற்றார்களா, கற்றதைக் கடையில் செய்கிறார்களா, வியாபாரத்தில் தெரிகிறதா.

வேலூரிலும் குடியாத்தத்திலும் கிளை வைத்திருக்கும் ஒரு கடைக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். விலை சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் பாடம்: ரூம் என்ன அளவு, மேலே மொட்டை மாடியா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? கற்றார்களா என்று பார்ப்பது சுலபம். "10-க்கு 12 ரூம், மேலே மொட்டை மாடி, எத்தனை டன் சொல்வீர்கள்?" என்று பயிற்சிக்கு முன்பும் பின்பும் கேட்டோம். பின்னால் அநேகமாக எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்.

சிக்கல் மூன்றாவது நிலையில்தான். ஆறு வாரம் கழித்து, சேல்ஸ்மேன்களுக்கு முகம் தெரியாத ஆட்களை வாடிக்கையாளர் மாதிரி அனுப்பினோம். பத்துப் பேரில் நாலு பேரிடம்தான் அந்தக் கேள்விகள் வந்தன. மற்றவர்களை நேராக ஒரே மாடலிடம் கூட்டிப் போனார்கள். விசாரித்தால், அந்த மாடல் ஒன்று விற்றால் கம்பெனி கையில் 500 ரூபாய் இன்சென்டிவ் தருகிறது. விஷயம் தெரிந்திருந்தும் செய்யவில்லை. மறுபடி வகுப்பு எடுத்து இதைச் சரிசெய்ய முடியாது, இன்சென்டிவைத்தான் மாற்ற வேண்டும்.

இனி வியாபாரம். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் ஏ.சி. விற்காத கடை எது? அதனால் மொத்த விற்பனையை விட்டுவிட்டு, உள்ளே வந்த 100 பேரில் எத்தனை பேருக்கு பில் போட்டார்கள் என்று பார்த்தோம். பயிற்சி பெற்ற வேலூர் கிளையில் மார்ச்சில் 20, மே மாதம் 31. பயிற்சியே இல்லாத குடியாத்தத்தில் 19 ஆக இருந்தது 28 ஆனது. 11 ஏறியதில் 9 வெயிலுக்கே போய்விடுகிறது, மீதி 2. இரண்டே கிளையை வைத்து அந்த 2-ஐயும் அடித்துச் சொல்ல முடியாது, அங்கே வேறு காரணமும் இருக்கலாம்.

இந்தப் பாடத்துக்கு, என்னைக் கேட்டால், "ரூம் கூலாகவே மாட்டேங்குது" என்று திரும்பி வரும் புகார்களின் எண்ணிக்கைதான் இன்னும் சரியான அளவுகோல். உங்கள் சர்வீஸ் ரெஜிஸ்டரில் அது கிடைக்கும். போன கோடையோடு ஒப்பிடுங்கள். அடுத்த முறை ஒரு கிளைக்கு மட்டும் இரண்டு மாதம் தள்ளி வகுப்பு வையுங்கள். எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்ற கணக்கைப் பயிற்சிக்கு முன்பே எழுத ஆரம்பித்துவிடுங்கள், பில் புத்தகத்தைப் புரட்டி அதைப் பிறகு எடுக்க முடியாது.