சொல்பிடெம்: பெண்களுக்கு ஏன் பாதி அளவு?

*"கணவருக்கும் எனக்கும் ஒரே நிறை. வைத்தியர் அவருக்கு 10 மில்லிகிராம் சொல்பிடெம் தூக்கக் குளிசையும் எனக்கு 5 மில்லிகிராமும் எழுதியிருக்கிறார். ஏன் இந்த வேறுபாடு?"*

காரணம் நிறையன்று, மருந்து உடலை விட்டு வெளியேறும் வேகம். சொல்பிடெத்தைச் சிதைப்பது ஈரல். பெண்களில் அது மெதுவாக நடப்பதால், ஒரே அளவை எடுத்தாலும் அவர்களின் குருதியில் மருந்து கூடுதலாகத் தங்குகிறது. நிறையைச் சமன்செய்து பார்த்தாலும் இந்த வேறுபாடு முழுதாக மறைவதில்லை.

நீங்கள் இரவு பத்தரைக்கு 10 மில்லிகிராம் எடுத்து, காலை ஆறரைக்கு ஸ்கூட்டியில் கல்லடிப் பாலத்தைக் கடப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி எட்டு மணித்தியாலம். ஒரு மில்லிலீற்றர் குருதியில் சுமார் 50 நானோகிராமுக்கு மேல் மருந்து இருந்தால் வாகனம் ஓட்டும் திறன் குறையக்கூடும். எட்டு மணித்தியாலத்துக்குப் பின்னும் அந்த எல்லைக்கு மேல் இருந்தவர்கள் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர், ஆண்களில் 3 பேர். இதனாலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது.

சிக்கல் என்னவென்றால், தேநீரும் குடித்து நன்றாக விழித்துவிட்டதாகவே நமக்குத் தோன்றும். ஆனால் முன்னால் போகும் ஓட்டோ சட்டென நிற்கும்போது பிரேக்கை அழுத்தும் கை சற்றுப் பிந்தும். ஆகவே, "தெளிவாகத்தானே இருக்கிறேன்" என்ற உணர்வை நான் ஆதாரமாக ஏற்கமாட்டேன்.

5 மில்லிகிராமில் தூக்கம் வராவிட்டால், நள்ளிரவில் கணவரின் குளிசையை எடுக்காதீர்கள். விடியலுக்கு முன் மருந்தை வெளியேற்ற உடலுக்குக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும். அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை.