வில்லனின் கணக்கு நோட்டு: எழுதுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: அக்கா, என் நாவலில் வில்லன் ஒரு மீன் ஏலக்காரர். கடனுக்காக ஒரு பையனைக் கடல் அட்டை எடுக்க அனுப்புகிறார். அவர் மனசுக்குள்ளிருந்து ஒரு அத்தியாயம் எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் "பயமாகவே இல்லை" என்கிறார்கள்.

உங்கள் முதல் பத்தியிலேயே அவர் "இந்த ஊரே என் காலடியில் கிடக்கும்" என்று நினைக்கிறார். அந்த இடத்திலேயே வாசகர் அவரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்துவிடுவார். இவன் வேறு, நான் வேறு என்று ஆனபிறகு பயம் எங்கிருந்து வரும்? அவருக்கு உண்மை என்று தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"தடைக்காலம் தொடங்கி இருபது நாள் ஆகிறது. படகெல்லாம் கரையில். அந்தோணியின் அம்மா நேற்றும் வந்து நின்றாள். அரிசிக்கு 2,000 கொடுத்தேன், நோட்டில் எழுதவில்லை. அவன் அப்பா வாங்கிய 80,000 மட்டும்தான் நோட்டில் இருக்கிறது. அதற்கும் வட்டி கேட்டதில்லை, மீனை நம்மிடமே போடச் சொன்னதுதான். அந்தோணிக்குத் தண்ணீருக்குள் மூச்சு நன்றாக நிற்கும். அட்டைக்குப் போனால் இரண்டு மாதத்தில் கடன் தீரும். 2001க்கு முன்னால் எங்கள் அப்பா இதே அட்டையைப் பட்டப்பகலில் காயப்போட்டு விற்றார். யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை."

இதில் ஒரு பொய்கூட இல்லை. அரிசிக்குக் கொடுத்தது உண்மை. 2001இல்தான் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள் என்பதும் உண்மை. அந்தத் தடையால் பிழைப்பு போனவர்கள் நம் கரையில் நிறையப் பேர். ஆகவே வாசகர் தலையாட்டிக்கொண்டே வருவார். ஆனால் "மீனை நம்மிடமே போடச் சொன்னதுதான்" என்ற இடத்தில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. அந்த மீனுக்கு விலை வைப்பதும் அவர்தான். அதை அவர் நினைக்கவே மாட்டார், நீங்களும் சொல்லாதீர்கள். மூச்சு நிற்கும் என்ற வரியையும் பாருங்கள். பையனைப் பாராட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பார்வை அது.

கீழக்கரை, ஓர் இளைஞர்: அவருக்குச் சின்ன வயதில் நடந்த கொடுமையைச் சொன்னால் வாசகருக்குப் புரிந்துவிடுமே? 1964 புயலில் குடும்பத்தை இழந்தவர் என்று வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் கொடுமையைச் சொன்னால் இரக்கம் வரும், அவர் போடுகிற கணக்கு புரியாது. தனுஷ்கோடியில் எல்லாம் போன ஒரு சிறுவன் அந்த டிசம்பரிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொண்டான் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. "கையில் காசு இருந்தவன் மறுபடி வீடு கட்டினான், இல்லாதவன் இன்னும் கொட்டகையில் இருக்கிறான்" என்று அவன் கண்டது ஒரு விதியாகிவிட்டது என்று வையுங்கள். அப்புறம் அந்தோணியின் அம்மா "ஒரு மாதம் பொறுங்கள்" என்று கேட்கும்போது அந்த நினைவு இரண்டு வரி வரட்டும். அவர் முடியாது என்று சொல்வதற்கு அது சாட்சி. மூன்று பக்கத்துக்குப் புயலை எழுதினால் அத்தியாயம் புயலைப் பற்றியதாகிவிடும்.

மண்டபம், முப்பது வருடம் படகு ஓட்டியவர்: தங்கச்சி, தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும். "படகெல்லாம் கரையில்" என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அப்புறம் அட்டையைக் குடல் எடுத்து அவித்துக் காயவைக்க வேண்டும். அந்த வாடையை நீங்கள் எழுதவே இல்லையே?

சரிதான் அண்ணே, "விசைப்படகெல்லாம்" என்று திருத்திக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த 61 நாளும் பையன் வத்தை என்ற நாட்டுப்படகில் போகலாம் என்பதால் ஏலக்காரரின் யோசனை இன்னும் சுலபமாகிறது. வாடை என்றீர்களே, அதுதான் எனக்குக் கிடைக்காமல் இருந்தது. அவித்த வாடை காற்றில் வரும்போது அவர் என்ன நினைப்பார்? காற்று எந்தப் பக்கம், ரோட்டுப் பக்கம் போகுமா என்று மட்டும் பார்ப்பார். அடுப்புக்கு முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற பையனின் கண் அவர் நினைப்பில் வராது. கவனமாகப் பார்க்கிற ஆள் ஒன்றை மட்டும் பார்க்கத் தவறும்போது வாசகருக்கு வயிற்றைப் பிசையும்.

தொண்டி, ஒரு வாசகி: நான் எழுதுகிறவள் இல்லை. எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர்தான் முன்பணம் கொடுத்தார். என் கல்யாணமே அதில்தான் நடந்தது. அவரையெல்லாம் வில்லனாக்குவது நியாயமா?

உங்கள் வீட்டுக்குக் கொடுத்தவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது அக்கா. முன்பணம் இல்லாமல் கடலுக்குப் போக முடியாத வீடுகள் எத்தனையோ. கதையில் வருகிற ஏலக்காரரும் ஏதாவது ஒரு வீட்டில் கல்யாணத்தை நடத்திவைத்தவராகத்தான் இருக்க வேண்டும். உங்களிடம் கேட்க ஒன்றுதான் உண்டு. அவர் வீட்டுக்கு வந்து உட்காரும்போது நீங்கள் எல்லோரும் எதைப் பேசாமல் இருந்தீர்கள்? அப்படி எதுவும் இருந்ததில்லை என்றால் அவர் வேறு மனிதர், இந்தக் கதை அவருடையது இல்லை.

தங்கச்சிமடம் மாணவி மறுபடியும்: "நான்" என்று எழுதுவதா, "அவர்" என்று எழுதுவதா?

இரண்டிலும் எழுதலாம். வினையில்தான் விஷயம் இருக்கிறது. நல்லது செய்யும்போது அவர் "கொடுத்தேன்", "பார்த்துக்கொண்டேன்" என்பார். பையனை அனுப்பியதை மட்டும் "போகவேண்டியதாயிற்று" என்பார். யார் அனுப்பியது? தமிழில் செய்தவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கலாம். அந்த வசதியை அவர் பயன்படுத்துவார். அதே மாதிரி, முதல் பக்கத்தில் "அந்தோணி", முடிவெடுத்த பிறகு "பையன்". அத்தியாயக் கடைசியில் "ஆள் ஒன்று குறைகிறது".

"நாம்" என்பதையும் கவனியுங்கள். "எங்களுக்கு வேறு வழி இல்லை" என்றால் வாசகர் வெளியே நிற்கிறார். "நமக்கு வேறு என்ன வழி இருக்கிறது?" என்றால் அவரையும் திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்தாயிற்று. அதை ஒரே ஒரு முறை, பையனை அனுப்புவதற்குச் சற்று முன்னால் வையுங்கள். நான் முன்பு ஒரு கதையில் வரிக்கு வரி "ஆயிற்று", "நேர்ந்தது" என்று போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "இந்த ஆள் தூக்கத்தில் நடக்கிறாரா?" என்று ஆசிரியர் கேட்டுத் திருப்பிவிட்டார். அதிலிருந்து எழுதி முடித்ததும் "கொடுத்தேன்" மாதிரி "ஏன்" என்று முடிகிற வினைகளை எல்லாம் பென்சிலால் கோடு போடுகிறேன். கோடு நிறைய வந்து, ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று காணாமல்போக வேண்டும்.

கீழக்கரை இளைஞர்: சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, "எந்த வரியில் தலையாட்டுவதை நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் வரி என்றால் வில்லன் மீசை முறுக்குகிறார் என்று அர்த்தம். நிறுத்தவே இல்லை என்றால் விடுபட வேண்டியது விடுபடவில்லை, அல்லது நீங்களே அவர் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். ஒருவர் மூச்சு வரியில், இன்னொருவர் வாடையில் என்று பிரிந்தால் நல்லது.

மண்டபத்து அண்ணன்: இந்த அத்தியாயத்தைப் பையன் கடலில் இறங்குவதற்கு முன்னால் வைப்பதா, பின்னாலா?

இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. முன்னால் வைத்தால், என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டே வாசகர் படிப்பார். பின்னால் வைத்தால், நடந்தது தெரிந்தபிறகும் அவருடைய கணக்கு சரியாக வருவதைப் பார்க்க நேரும். மாணவி இரண்டையும் எழுதட்டும். பின்னால் வைப்பதாக இருந்தால் கடைசி வரி நோட்டிலேயே இருக்கலாம்: 80,000 மேல் ஒரு கோடு, பக்கத்தில் அந்தோணியின் தம்பி பெயர்.